காசாகும் பேட்டரி, காசாகாத தகடு: சூரிய மின்சக்திக் கழிவில் இருவேறு ஆபத்துகள்

இந்தியாவின் சூரிய மின்னுற்பத்தித் திறன் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 100 கிகாவாட்டைக் கடந்தது. அந்த மின்சாரத்தைத் தரும் தகடுகளும், அதைச் சேமிக்கும் பேட்டரிகளும் ஆயுள் முடிந்தபின் எங்கே செல்கின்றன என்ற கேள்விக்கு இரண்டு எதிரெதிரான விடைகள் உள்ளன. பழைய ஈய பேட்டரியை வாங்கிக்கொள்ள ஆட்கள் வீடு தேடி வருகிறார்கள். பழைய சூரிய மின்தகட்டை (சோலார் பேனல்) எடுத்துச் செல்ல எவரும் வருவதில்லை. இரண்டுமே ஆபத்தானவை, ஆனால் ஆபத்தின் காரணம் வெவ்வேறு.

முதலில் பேட்டரி. வீடுகளில் இன்வெர்ட்டருடன் பயன்படும் 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றின் எடை 50 முதல் 60 கிலோ. அதில் ஏறத்தாழ 30 கிலோ ஈயம். ஈயத்தை எத்தனை முறை உருக்கினாலும் தரம் கெடுவதில்லை என்பதால், பழைய பேட்டரிக்குச் சந்தையில் எப்போதும் விலை உண்டு. முறையான ஆலையில் பேட்டரி மூடிய இயந்திரத்தில் உடைக்கப்படுகிறது. அமிலம் தனியே பிரிக்கப்பட்டுச் சமன்செய்யப்படுகிறது. உலையின் புகை வடிகட்டிகளின் வழியே செல்கிறது. இவை அனைத்துக்கும் செலவு உண்டு. கோடரியால் பிளந்து, அமிலத்தை மண்ணில் ஊற்றி, திறந்த அடுப்பில் உருக்குபவருக்கு அந்தச் செலவு இல்லை. ஆகவே அவரால் பழைய பேட்டரிக்குக் கூடுதல் விலை கொடுக்க முடிகிறது. சட்டத்தை மதிக்கும் ஆலை சரக்கின்றித் தவிக்க, சட்டத்துக்குப் புறம்பான அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது.

இதன் விளைவைக் குழந்தைகளின் இரத்தத்தில் காணலாம். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் ஈயம் கொண்ட குழந்தைகள் இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 27.5 கோடி என்று யுனிசெஃப், பியூர் எர்த் அமைப்புகளின் 2020-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. ஈயத்துக்குப் பல மூலங்கள் இருப்பினும், முறைசாரா பேட்டரி உருக்குதலை அவ்வறிக்கை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டது.

தகட்டின் கதை இதற்கு நேர்மாறானது. 2011-12 காலகட்டத்தில் நிறுவப்பட்ட ஒரு மெகாவாட் மின்நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 230 வாட் தகடுகள் எனில் சுமார் 4,350 தேவைப்பட்டிருக்கும். ஒன்று 20 கிலோ வீதம் மொத்தம் 87 டன். இன்று அதே திறனை 540 வாட் தகடுகள் 1,850-ஐக் கொண்டு, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இடத்தில் பெற்றுவிடலாம். எனவே 25 ஆண்டு ஆயுள் முடியும் முன்பே பழையவற்றைக் கழற்றிவிடும் எண்ணம் உரிமையாளருக்கு எழுவது இயல்பே.

கழற்றிய தகடு ஒன்றில் 15 கிலோ கண்ணாடி. அலுமினியச் சட்டம் 2 கிலோ. பிளாஸ்டிக் அடுக்குகள் 2 கிலோ. சிலிக்கான் ஒரு கிலோவுக்கும் குறைவு. செம்பு 200 கிராம் அளவில். வெள்ளி சில கிராம். பற்றவைப்பில் ஈயமும் சில கிராம். பழைய இரும்புக் கடைக்காரர் சட்டத்தையும் கம்பிகளையும் மட்டும் உருவிக்கொள்கிறார். எஞ்சிய 17 கிலோ கண்ணாடிப் பலகை அவருக்குச் சுமை. அது குப்பைமேட்டுக்கோ, ஊருக்கு வெளியே உள்ள பள்ளத்துக்கோ செல்கிறது.

அந்தப் பலகையைப் பிரிப்பது ஏன் கடினம்? கண்ணாடிக்கும் சிலிக்கானுக்கும் இடையில் இ.வி.ஏ. எனப்படும் பசை அடுக்கு உள்ளது. கால் நூற்றாண்டு வெயிலையும் மழையையும் தாங்கவேண்டும் என்பதற்காகவே, மீண்டும் உருகாதவாறு அது இறுக்கப்பட்டுள்ளது. நல்ல தகட்டுக்குரிய அதே குணம் மறுசுழற்சிக்குத் தடையாகிறது. அதை நீக்க 500 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பமோ, சூடேற்றிய கத்தியோ, வேதிக் கரைப்பான்களோ வேண்டும். பின்புறத் தாள் பலவற்றில் ஃபுளோரின் கலந்த பிளாஸ்டிக் உள்ளது. முறையான வடிகட்டியின்றி அதை எரித்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயு வெளிப்படும். எல்லாவற்றையும் அரைத்துவிட்டால் கண்ணாடித் தூள் கிடைக்கும். ஆனால் அதில் ஆன்டிமனி கலந்திருப்பதால் கண்ணாடித் தொழிற்சாலைகள் தயங்குகின்றன. மலிவான செங்கல், சாலைப் பணிகளுக்கே அது செல்கிறது.

இத்தகைய பொருளுக்குச் சந்தை தானாக உருவாகாது. சட்டம்தான் உருவாக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2012-லேயே தகடுகளை மின்னணுக் கழிவுச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்து, மறுசுழற்சி இலக்குகளை விதித்தது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் தகடுகளுக்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியுள்ளன. ஆனால் அது தயாரிப்பாளர்களிடம் முதன்மையாகக் கோருவது, 2034-35 வரை சேரும் கழிவைச் சேமித்து வைத்துக் கணக்குக் காட்டுவதைத்தான். அதே ஆண்டில் வந்த பேட்டரிக் கழிவு விதிகளோ, மின்வாகன பேட்டரிகளிலிருந்து 2026-27-க்குள் 90 விழுக்காடு பொருள்களை மீட்கவேண்டும் என ஆண்டுவாரியாக இலக்கு வகுத்துள்ளன.

சேமித்தல் என்ற சொல் எளிதாகத் தோன்றலாம். வெளிச்சம் படும் வரை தகடு மின்சாரம் உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். அதை அணைக்கப் பொத்தான் கிடையாது. தனித்தகட்டில் 40 வோல்ட் அளவே இருப்பினும், இணைப்புகளைப் பிரிக்காத வரிசையில் அது பல நூறு வோல்ட்டாகும். ஆகவே கழற்றும்போதே இணைப்புகளைப் பிரித்து, முனைகளை மூடி, கூரையுள்ள இடத்தில் வைக்கவேண்டும். விரிசல் விட்டவற்றைத் தனியே பிரித்து, நீர் புகாத தரையில் அடுக்கவேண்டும். மழைநீர் விரிசல் வழியே புகுந்தால் ஈயம் கசியக்கூடும். காட்மியம் டெல்லூரைடு வகைத் தகடுகளைச் சிலிக்கான் தகடுகளுடன் கலக்கவே கூடாது. கட்டங்களும் வெள்ளிக் கோடுகளும் இன்றி ஒரே சீராகக் கருமையாக இருப்பதைக் கொண்டு அவற்றை ஓரளவு அடையாளம் காணலாம். ஐயம் தீர்க்கப் பின்புறச் சீட்டைப் பார்க்கவேண்டும். தேசிய சூரிய இயக்கத்தின் தொடக்கத் திட்டங்கள் பலவற்றில் இவ்வகைத் தகடுகள் இறக்குமதியாகிப் பொருத்தப்பட்டன.

மறுபயன்பாடு இதற்கு ஒரு விடை. ஆண்டுக்கு ஒரு விழுக்காடு தேய்மானம் என்று கொண்டாலும், 12 ஆண்டு பழைய தகடு ஏறத்தாழ 88 விழுக்காடு திறனுடன் இருக்கும். பாசனப் பம்புக்கு அது போதும். ஆனால் மின்சாரம் தருவதால் மட்டுமே அது நல்ல தகடாகிவிடாது. பின்புறத் தாள் வெடித்தோ, தொட்டால் மாவு போல் ஒட்டியோ இருந்தால் ஈரத்தில் மின்கசிவு ஏற்படும். முன்புறம் பழுப்பேறியிருப்பதும், கருகிய புள்ளிகள் தெரிவதும் தீய அறிகுறிகளே. திறன் சோதனையோடு மின்காப்புச் சோதனையும் செய்த சீட்டு இன்றி விற்கப்படும் பழைய தகட்டைக் கூரையில் ஏற்றுவது உகந்ததன்று.

எரிசக்தி, சுற்றுச்சூழல், நீர் ஆய்வு மன்றம் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2030-க்குள் இந்தியாவில் சேரும் தகட்டுக் கழிவு ஏறத்தாழ 6 லட்சம் டன். ராஜஸ்தான், குஜராத், கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய ஐந்து மாநிலங்களில்தான் அதன் பெரும்பகுதி சேரும். 2035 வரை காத்திருக்கும் விதி, இக்கழிவின் முதல் அலையைத் தவறவிடுகிறது என்றே கொள்ளவேண்டும். காத்திருப்பதில் மற்றொரு சிக்கலும் உண்டு. தகடு தயாரிப்பிலும் ஈடுபட்ட மோசர் பேர் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. அத்தகைய நிறுவனங்களின் தகடுகளுக்குப் பின்னாளில் யார் பொறுப்பேற்பது? விற்கும்போதே தகட்டுக்கு ஒரு சிறு தொகையைத் தனி நிதியில் செலுத்தச் செய்தால், நிறுவனம் மறைந்தாலும் மறுசுழற்சிக்கான பணம் மறையாது.

பெரிய மின்நிலையங்களுக்கேனும் கிடங்கு அமைக்க இடம் உண்டு. பிரதமரின் சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகளின் கூரைகளை இலக்காகக் கொண்டுள்ளது. சூறைக்காற்றில் உடைந்த ஒற்றைத் தகட்டை அந்த வீட்டுக்காரர் எங்கே ஒப்படைப்பது என்பதற்கு, பேட்டரிக்கு இருப்பதுபோல் தெருமுனையில் ஒரு கடை இன்றுவரை இல்லை.