பட்டியலில் நம் ஊர் இல்லையேல்...



உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளோடு கணினியின் முன் அமரும் பெற்றோர் ஓரிடத்தில் திகைத்து நிற்பதைக் காண்கின்றோம். தொட்டவுடன் விரியும் பெயர்ப்பட்டியலில் தம் ஊர் இல்லை. மேலே செல்ல வேண்டுமே என்று பக்கத்துப் பெயர் ஒன்றைத் தொட்டுவிடுகின்றனர். பின்னர்ச் சான்றிதழோடு ஒப்பிடுகையில் விண்ணப்பம் திரும்பி வருகின்றது.

அறந்தாங்கிப் பகுதிச் சிற்றூர் மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டை நகரின் அஞ்சல் எண் 622001. அறந்தாங்கிக்கோ 614616, அதாவது பட்டுக்கோட்டை, மன்னார்குடி வரிசை. அஞ்சல் எண் முறை 1972 ஆகஸ்டு 15இல் வந்தது. புதுக்கோட்டை மாவட்டம் பிறந்ததோ 1974 ஜனவரி 14இல். அதுவரை அறந்தாங்கி தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. அஞ்சல் எண் தபால் செல்லும் வழியைக் காட்டுமேயன்றி மாவட்ட எல்லையைக் காட்டாது. ஆதலின், எண்ணைக் கொண்டு மாவட்டத்தைத் தானே நிரப்பும் படிவம் தஞ்சாவூர் என்று காட்டிவிடக்கூடும். அதனை ஏற்றுக்கொள்ளலாகாது. வருமானச் சான்றிதழிலும் சாதிச் சான்றிதழிலும் உள்ள மாவட்டமே சரியான விடை.

புதுக்கோட்டை என்ற பெயரே காணவில்லை எனில், முதலில் மாநிலம் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்; மாநிலத்தைப் பொறுத்தே மாவட்டப் பட்டியல் விரியும். அடுத்து எழுத்துக்கூட்டல். Pudukkottai என்றும் Pudukottai என்றும் இரு விதமாக எழுதுகின்றனர். முழுப்பெயரைத் தட்டாமல் Pudu என்று மட்டும் தட்டினால் இரண்டில் எதுவாயினும் அகப்படும்.

ஊர்ப் பட்டியலில் சிற்றூர் இல்லையெனில், Others என்பது இருந்தால் அதனைத் தேர்ந்து, ஆதார் அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே ஊர்ப்பெயரை எழுத வேண்டும். அதுவும் இல்லையெனில், பட்டியலில் தம் வட்டத்தின் தலைநகராகிய அறந்தாங்கியைத் தேர்ந்து, சிற்றூரின் பெயரை முகவரி வரியில் எழுதலாம். அடுத்த வட்டத்து ஊர் எதனையும் தொடலாகாது.

படிப்பின் பெயர் இல்லாதபோது மட்டும் இவ்வழி செல்லாது. தேசிய உதவித்தொகைத் தளத்தில் காணும் படிப்புகள், அந்தந்தக் கல்லூரி தன் பக்கத்தில் பதிந்தவையே. மாணவி எதைத் தட்டினாலும் புதிய பெயர் அங்கே தோன்றாது. ஒத்த பெயருள்ள வேறு படிப்பைத் தேர்ந்தால், ஆண்டுகளின் எண்ணிக்கையும் கட்டணமும் மாறிப்போகும். சரிபார்க்கும்போது பிழை வெளிப்படும். ஆகவே விண்ணப்பத்தை அனுப்பாமல் நிறுத்திவிட்டு, கல்லூரியில் உதவித்தொகைப் பொறுப்பிலுள்ள அலுவலரைக் கண்டு படிப்பைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். இதற்குச் சில நாள்கள் ஆகலாம். எனவே கடைசி நாள் வரை காத்திராமல், படிவம் திறந்த வாரத்திலேயே பட்டியலைப் பார்த்துவிடுவது நலம்.