ஆட்டுப்பால் தாய்ப்பாலுக்கு இணை இல்லை

1/ "தாய்ப்பாலுக்கு அடுத்தது வெள்ளாட்டுப் பால்தான்"னு சாத்தான்குளம் பக்கம் வீட்டுக்கு வீடு சொல்றாங்க. ஒரு வயசு ஆகாத பிள்ளை விஷயத்துல இது ஆபத்தான பேச்சு. ஏன்னு சொல்றேன், கேளுங்க.

2/ ரத்தச் சிவப்பணு உருவாக ஃபோலேட் என்ற வைட்டமின் வேணும். 100 மில்லி பசும்பால்ல அது சுமார் 5 மைக்ரோகிராம் இருக்கு. எருமைப்பால்லயும் ஏறக்குறைய அதே அளவு. ஆட்டுப்பால்ல சுமார் 1 தான்.

3/ கணக்குப் போட்டுப் பாருங்க. 8 மாசப் பிள்ளை ஒரு நாளைக்கு 700 மில்லி ஆட்டுப்பால் குடிச்சா கிடைக்கிறது 7 மைக்ரோகிராம். தேவை சுமார் 80. பருப்பு, கீரை ஊட்டாம பாலையே நம்பினா மீதி எங்கேர்ந்து வரும்?

4/ இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. 1920கள்லயே ஜெர்மனி மருத்துவர்கள் இந்த நோய்க்கு "ஆட்டுப்பால் சோகை"ன்னு பேரே வச்சிட்டாங்க.

5/ எப்படித் தெரியும்? கீழ் இமையை இழுத்துப் பாருங்க, உள்பக்கம் வெளிறி இருக்கும். பிள்ளை சிணுங்கும், சோர்ந்து கிடக்கும், பால் குடிக்காது. இரும்புச்சத்துக் குறைவுல சிவப்பணு சிறுத்துப் போகும். இதுல பெருத்துப் போகும். அதனால இரும்பு டானிக் மட்டும் வாங்கிக் கொடுத்தா தீராது. ரத்தப் பரிசோதனை பண்ணணும்.

6/ "அப்போ பசும்பால் கொடுக்கலாமா டாக்டர்?" பிரதானப் பாலா அதுவும் வேண்டாம், எருமைப்பாலும் வேண்டாம். மூணுலயும் புரதம் தாய்ப்பாலைவிட மூணு மடங்கு, இரும்பு ரொம்பக் குறைவு. தண்ணி கலந்தா பிள்ளைக்குப் போற சக்திதான் குறையும். 6 மாசம் வரை தாய்ப்பால் மட்டும். பிறகு தாய்ப்பாலோட குழைச்ச சாதம், பருப்பு, கீரை, முட்டை. தாய்ப்பால் இல்லவே இல்லைன்னா டாக்டரைக் கேட்டு, குழந்தைகளுக்கான பால்பவுடர்.

7/ "பசும்பால் அலர்ஜி, அதான் ஆட்டுப்பால்." ரெண்டுலயும் புரதம் ஒண்ணுபோலத்தான். பசும்பால் ஒத்துக்காத பிள்ளைகள்ல பெரும்பாலானவங்களுக்கு அதுவும் ஒத்துக்காது.

8/ "காந்தியே குடிச்சாரே!" அவர் வளர்ந்த மனுஷன், பழமும் கடலையும் சேர்த்துச் சாப்பிட்டவர். உங்க ஆச்சி தாத்தாவும் காய்ச்சிக் குடிக்கலாம், தப்பில்ல. ஆனா ஆட்டுப்பால்ல பி12-உம் பசும்பாலைவிட ரொம்பக் கம்மி. மெட்ஃபார்மின் மாத்திரை வருஷக்கணக்கா போடுறவங்களுக்கு பி12 ஏற்கெனவே குறையும். கறி, மீன், முட்டை தொடாதவங்கன்னா பசும்பாலே மேல்.

9/ எருமைப்பால்ல கொழுப்பு 6-7 சதவீதம், பசும்பால்ல 4 சதவீதம். மெலிஞ்சுபோன பெரியவங்களுக்கு எருமைப்பால் நல்லது. இதய நோய் உள்ளவங்களுக்கு ஆடையை எடுத்துட்டுக் கொடுங்க.

10/ உங்க தெருவுல கைக்குழந்தைக்கு ஆட்டுப்பாலே சாப்பாடா போயிட்டிருந்தா, இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. சோகை இருந்தா ஃபோலிக் அமிலம் கொடுத்தே சரிபண்ணலாம். விட்டுவச்சாதான் கஷ்டம்.