உடுக்குறி இல்லாத இலக்கணங்கள்

பொழுதுபோக்காகக் கேமரா வாங்கியவர் ஒளியையும் காட்சியமைப்பையும் புரிந்துகொள்ள எதைப் படிக்கலாம் என்று கேட்டால் ஒரே வகையான நூற்பட்டியல் கைக்குக் கை மாறி வந்து சேர்கிறது. 'காட்சியின் இலக்கணம்' என்று தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் நூல்கள் அதில் முதலிடம் பிடிக்கின்றன. மொழியியல் படித்தவர்கள் இந்தச் சொல்லாட்சியைக் கண்டும் காணாமல் விடுவது சரியன்று என்பதால் இந்த நெடும்பதிவு.

இலக்கணம் என்று ஒன்று இருந்தால் அது எதையேனும் விலக்க வேண்டும். 'நான் நேற்று வருவேன்' என்ற தொடரின் முன் உடுக்குறி இட்டு, இது ஏற்கத்தகாதது என்று சொல்ல முடிவதால்தான் காலம் பற்றிய நம் விதிக்கு ஒரு பொருள் கிடைக்கிறது. மேற்படி நூல்களைப் புரட்டிப் பாருங்கள். ஆசிரியரின் வெற்றிபெற்ற படங்கள். அவற்றின் மேல் வெள்ளைக் கோடுகள். விதியைப் பின்பற்றியும் தோற்றுப்போன படம் ஒன்றுகூட இராது. விதியை மீறி வென்ற படம் இருந்தால், 'விதிகள் மீறப்படுவதற்கே' என்று ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுவார்கள். உடுக்குறியே இல்லாத இலக்கணம் இது.

இவற்றின் தலையாய விதி, சட்டகத்தை நெடுக்கிலும் கிடையிலும் மூன்றாகப் பிரித்து, முக்கியமான பொருளைக் கோடுகளிலோ அவை வெட்டும் புள்ளிகளிலோ வைக்கச் சொல்வது. இதன் பெயர் 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயச் செதுக்கோவியர் நாட்டுப்புறக் காட்சிகளைப் பற்றி எழுதிய நூலில் வருகிறது. அவர் பேசியது வானம், நிலம் போன்ற பெரும்பரப்புகளின் விகிதத்தைப் பற்றி. கண்ணை வெட்டுப்புள்ளியில் வை என்பது பிற்காலத்தின் சேர்க்கை.

இந்த விதி எவ்வளவு சொல்கிறது என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். பொருள் கோட்டின் மேல் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, இருபுறமும் சட்டகத்தின் 5 சதவீதம் வரை விலகலாம் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஆசிரியரும் இந்தச் சலுகையை மறுக்கமாட்டார். அப்படியானால் நான்கு கோடுகளும் சேர்ந்து படத்தின் 36 சதவீதப் பரப்பை மூடிவிடுகின்றன. அதே நூலின் அடுத்த அத்தியாயம் பொன்விகிதக் கோடுகளை அறிமுகப்படுத்தும். இப்போது ஏறத்தாழ 51 சதவீதம். 'சில வேளைகளில் நடுவில் வைப்பதும் அழகே' என்று மையக் கோடுகளும் வந்து சேர்ந்தால் 64. மூலைவிட்டங்களையும் சுருள் கோட்டையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்த படமும் ஏதேனும் ஒரு கோட்டின்மேல் வந்து விழும்.

தொடக்கநிலையாளர் எல்லாவற்றையும் நட்டநடுவில் வைக்கும் பழக்கத்தை இது விடுவிக்கிறதே என்பார்கள். உண்மைதான். அதற்கு ஒரு வாக்கியம் போதும், இருநூறு பக்கம் எதற்கு?

மாற்றாக நான் முன்வைப்பது ஒரு நூலை. ஃபில் ஹன்டரும் பால் ஃபுக்வாவும் எழுதி 1990இல் வெளிவந்த 'லைட்: சயின்ஸ் அண்ட் மேஜிக்'. பின்வந்த பதிப்புகளில் ஸ்டீவன் பைவரும் இணைந்தார். தலைப்பில் மாயம் இருந்தாலும் உள்ளே இருப்பது பள்ளி இயற்பியல்: படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு, பொருளின் மேற்பரப்பு ஒளியை என்ன செய்கிறது என்று கேட்கிறது நூல். சுண்ணாம்புச் சுவர் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கும். இது பரவல் எதிரொளிப்பு. பளபளக்கும் உலோகம் அப்படிச் சிதறடிப்பதே இல்லை எனலாம். கண்ணாடிபோல் தன் எதிரே இருப்பதை மட்டும் காட்டும். இது நேர் எதிரொளிப்பு.

விடுதி அறையிலேயே செய்துபார்க்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். துலக்கிய பித்தளைச் செம்பு ஒன்றைச் சன்னலோரம் வைத்துப் படம் எடுங்கள். சன்னல் ஒரு வெள்ளைக் கீற்றாக விழும், மற்ற இடமெல்லாம் கருத்திருக்கும், நடுவில் உங்கள் உருவம் தெரியும். உடனே தோன்றுவது, வெளிச்சம் போதவில்லை என்று குழல்விளக்கைப் போடுவது. இன்னொரு கீற்றுதான் கூடும், செம்பு ஒளிராது. கேட்க வேண்டிய கேள்வி வெளிச்சம் எவ்வளவு என்பதன்று. செம்பின் ஒவ்வோர் இடமும் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது. கேமராவிலிருந்து பார்க்கையில் எந்தத் திசைகளிலிருந்து வரும் ஒளி நேர் எதிரொளிப்பாகத் தெரியுமோ அத்திசைகளின் தொகுதியை இந்நூல் 'கோணக் குடும்பம்' என்கிறது. அதைக் கண்டறிய நண்பர் ஒருவர் கைவிளக்கை ஏந்திச் செம்பைச் சுற்றி நகரட்டும். கேமரா இருக்கும் இடத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். விளக்கு எங்கெங்கு நிற்கும்போது அதன் உரு செம்பில் தெரிகிறதோ அந்த இடங்களே கோணக் குடும்பம். அங்கே வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டு, லென்ஸுக்கு மட்டும் இடைவெளி விட்டு, போர்வையின்மேல் ஒளி பாய்ச்சுங்கள். செம்பு முழுதும் ஒளிர்ந்துவிடும்.

ஆனால் அதன் உருண்டை வடிவம் தொலைந்து, தட்டையான மஞ்சள் துண்டாகத் தெரியும். எனவே இருபுறமும் படச்சட்டகத்துக்குச் சற்று வெளியே கறுப்புத் தாள்களை நிறுத்துங்கள். விளிம்புகளில் இருண்ட கோடுகள் விழுந்து வளைவு மீளும்.

விளக்கம் சரியா என்று சோதிக்கவும் வழியுண்டு. மேசை விளக்கை வெள்ளைத்தாளால் மறைத்து, செம்பின் அருகில் ஒரு சுண்ணாம்புக் கட்டியையும் வையுங்கள். விளக்கின் தொலைவை இரட்டிப்பாக்கினால் சுண்ணாம்பின் ஒளிர்வு ஏறத்தாழக் கால்பங்காகக் குறையும். செம்பில் தெரியும் விளக்கின் உரு சிறுக்கும், மங்காது. 'பழம்', 'பலம்' என்று ஓர் ஒலியை மட்டும் மாற்றிப் பொருள் மாறுகிறதா என்று பார்க்கும் அதே முறை இது. முன்கூட்டியே சொல்லலாம், தவறினால் தவறியது தெரியும்.

இந்நூலின் எல்லைகளும் சிறியவை அல்ல. ஸ்டுடியோவில் வேலை செய்பவருக்காக எழுதப்பட்டது. தெருவெயிலைப் பற்றி அது சொல்வது சொற்பம். கோளத்தின் கோணக் குடும்பத்தில் கேமராவும் அடங்கும் என்பதால் செம்பின் வயிற்றில் லென்ஸின் கரும்புள்ளியை அறவே நீக்க இயலாது. தொலைவிலிருந்து எடுத்துச் சிறிதாக்கலாம், அவ்வளவே. கண்ணாடிப் பரப்பில் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி உலோகத்தில் பெரிதாக உதவாது.

காட்சியமைப்புக்கு இத்தகைய உறுதியான நூல் இல்லை. இருக்க முடியும் என்றும் நான் நம்பவில்லை. கேள்வியை நேர்மையாகக் கேட்கும் நூல்கள் உண்டு. ஸ்டீபன் ஷோர் 1998இல் வெளியிட்ட 'தி நேச்சர் ஆஃப் ஃபோட்டோகிராஃப்ஸ்' கோடு எதையும் வரையவில்லை. முப்பரிமாண உலகு தட்டையாகும்போது, சட்டகம் அதை வெட்டும்போது, ஒரு கணம் நிலைபெறும்போது, குவியம் ஒன்றைத் தேரும்போது என்ன மாறுகிறது என்று மட்டும் விசாரிக்கிறது. அவருடைய படங்களிலேயே ஓர் இணை உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் பெவர்லி சாலையும் லா பிரியா சாலையும் சந்திக்கும் முனையை 1975 ஜூன் 21 அன்று எடுத்தார். எல்லாக் கோடுகளும் ஒரு மறைபுள்ளியை நோக்கி ஓட, இறுக்கமாகக் கட்டப்பட்ட படம் அது. அந்த ஒழுங்கு தெருவுக்கு உரியதா, தாம் அதன்மேல் சுமத்தியதா என்ற ஐயத்துடன் மறுநாள் அதே முனைக்குப் போய், மறைபுள்ளியை நம்பாமல் இன்னொன்று எடுத்தார். இரண்டையும் அருகருகே வைத்து, எதில் கண் எங்கே தங்குகிறது என்று அரைமணி நேரம் பார்ப்பவருக்குக் கட்டங்கள் தேவைப்படா.

ஷோருக்கு முன் படிக்க வேண்டியது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஜான் சார்க்கோவ்ஸ்கி 1966இல் வெளியிட்ட 'தி ஃபோட்டோகிராஃபர்ஸ் ஐ'. ஓவியர் படைக்கிறார், புகைப்படக்காரர் தேர்கிறார் என்ற வேறுபாட்டிலிருந்து அது தொடங்குகிறது. இதே தலைப்பில் மைக்கேல் ஃப்ரீமன் 2007இல் எழுதிய நூலும் இருக்கிறது. அது காட்சியமைப்புக் கையேடு. நூலகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவோர் ஆசிரியர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.