கடகடகடலூர் எங்கே இருக்கிறது?

1984-ல் இங்கிலாந்தில் ‘எலைட்’ என்ற விண்வெளி விளையாட்டு வெளிவந்தது. உருவாக்கியவர்கள் டேவிட் பிராபன், இயன் பெல் என்ற இரண்டு கல்லூரி மாணவர்கள். அதில் 2,048 கிரகங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வேண்டும். அன்றைய கம்ப்யூட்டரின் மொத்த நினைவகமே 32 கிலோபைட்தான். பெயர்ப்பட்டியலை அதில் வைக்க இடமேது? எனவே LA, VE, DI, SO என்று இரண்டிரண்டு எழுத்தாக ஒரு சின்ன அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எந்தத் துண்டை எடுப்பது என்பதைக் கணக்கு முடிவு செய்யும். LAVE, DISO, ZAONCE எல்லாம் அப்படி ஒட்டிப் பிறந்த கிரகங்கள்.

வேற்றுக் கிரகத்துக்கு அது போதும். ஆனால் ஒருவர் ராஜா கதை எழுதுகிறார், கதையில் வரும் ஊர் நம்மூர்ப் பெயர் மாதிரியே ஒலிக்க வேண்டும், ஆனால் புதிதாகவும் இருக்க வேண்டும் என்றால்? எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வரும் என்பதும் தெரிய வேண்டும். அங்கேதான் ரஷ்யக் கணித மேதை ஆந்திரேய் மார்கோவ் வருகிறார். 1913-ல் அவர் புஷ்கினின் ‘யெவ்கேனி ஒனேகின்’ கவிதை நாவலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிருக்குப் பின் உயிர் எத்தனை முறை, மெய்க்குப் பின் உயிர் எத்தனை முறை என்று கையாலேயே எண்ணினார். இப்போதைய எழுத்தைப் பார்த்தே அடுத்த எழுத்தின் வாய்ப்பைச் சொல்லும் இந்த முறைக்கு ‘மார்கோவ் சங்கிலி’ என்று பெயர்.

ஒரு தாள் இருந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஐந்து ஊர்களை எடுத்துக்கொள்வோம்: கடலூர், வடலூர், கடையம், வடகரை, கரூர். முதலெழுத்து ‘க’ மூன்று முறை, ‘வ’ இரண்டு முறை. ‘வ’வுக்குப் பின் எப்போதும் ‘ட’. ‘ட’வுக்குப் பின் ‘லூ’ இரண்டு முறை, ‘க’ ஒரு முறை. ‘க’வுக்குப் பின் ட, டை, ரை, ரூ நான்கும் தலா ஒரு முறை. ‘ர்’, ‘ம்’, ‘ரை’ மூன்றுக்கும் பின் பெயர் முடிந்துவிடுகிறது. இவற்றைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி எடுத்துக்கொண்டே போனால் வடகரூர் வரும், கடகரை வரும், வடகடையம் வரும். மூன்றும் பட்டியலில் இல்லாதவை. ஆனாலும் பஸ் போர்டில் பார்த்த மாதிரியே இருக்கின்றன.

கூடவே ‘கடகடகடலூர்’ என்றும் ஒன்று வரும். க-வுக்குப் பின் ட, ட-வுக்குப் பின் மறுபடி க என்று சீட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு எழுத்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது, பாவம்.

சரி, கடைசி இரண்டு எழுத்துகளைப் பார்த்து அடுத்ததை எடுக்கச் சொன்னால்? சுற்றல் நின்றுவிடும். ஆனால் மேலே சொன்ன ஐந்து ஊர்களை வைத்து அப்படிச் செய்தால் அதே ஐந்து ஊர்கள்தான் திரும்ப வரும், புதிதாக ஒன்றுகூட வராது. ஞாபகம் கூடினால் பெயர் நேர்த்தியாகும், ஆனால் காப்பியடிக்கும். இரண்டெழுத்து ஞாபகத்துக்கு நூற்றுக்கணக்கான ஊர்ப் பெயர்கள் தேவை. மாவட்ட ஊர்ப்பட்டியல் ஒன்றை அப்படியே கொடுப்பது நல்லது.

கம்ப்யூட்டரில் செய்பவர்கள் தமிழில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நமக்கு ‘லூ’ ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்கோ ‘ல’ ஒன்று, அதன் சுழி இன்னொன்று; ‘த்’ என்பது ‘த’வும் ஒரு புள்ளியும். அதன் போக்கில் விட்டால், ஓரெழுத்து ஞாபகத்தில் புள்ளி மட்டும் மிஞ்சும், அது எந்த மெய்யின் புள்ளி என்பது மறந்துபோகும். கயத்தாறும் மன்னார்குடியும் பட்டியலில் இருந்தால், ‘த்’தைத் தொடர்ந்து ‘கு’ வந்து நின்று, வாயில் நுழையாத ‘கயத்குடி’ பிறக்கும். தமிழில் த் என்ற மெய்க்குப் பின் த வரிசைதான் வரும் என்பது பள்ளியில் படித்த இலக்கணம். உயிர்மெய்யை முழு எழுத்தாகவே பிரித்துக்கொடுத்தால் பாதித் தொல்லை தீரும். மீதிக்கு அந்த இலக்கணத்தையே சல்லடையாக வைக்கலாம். நீளம் அதிகமாகிறதே என்று பெயரை நடுவில் வெட்டவும் கூடாது. ‘கயத்’ என்று வல்லின மெய்யில் முடிந்துவிடும். நீண்ட பெயரை முழுசாகத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எடுப்பதே சரி.

சல்லடையில் தேறிய பெயரையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். சங்கிலிக்கு ஒலி தெரியும், அர்த்தம் தெரியாது. எலைட்டில்கூட ஒரு கிரகத்துக்கு ஆங்கிலக் கொச்சைச் சொல்லே பெயராக வந்து விழுந்ததாம். அது இருந்த விண்மீன் மண்டலத்தையே கழித்துவிட்டு, வேறொன்றைச் சேர்த்தார்கள் என்பது அந்த விளையாட்டின் ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை.