கூட்டல் சரி, எண்ணியது எதை?

சாட்பாட் இப்போது தானே நிரல் எழுதிக் கணக்குப் போடுகிறது, கையால் சரிபார்ப்பது வீண்வேலை என்று வாதிடுகிறார்கள். கூட்டலைப் பற்றி யாருக்குச் சந்தேகம்? எதை எண்ணியது என்பதுதான் கேள்வி.

சோமனூரில் 200 விசைத்தறிக்காரர்களிடம் "கூலி கட்டுப்படியாகிறதா?" என்று கேட்டதாக வைத்துக்கொள்வோம். 120 பேர் இல்லை என்கிறார்கள், 40 பேர் ஆம், 40 கட்டங்கள் காலி. காலியைத் தள்ளினால் அதிருப்தி 75 சதவீதம், சேர்த்தால் 60. சாட்பாட் இவற்றில் ஒன்றைச் சொல்லாமலே தேர்ந்தெடுத்துவிடலாம். விரிதாளில் பதில்கள் உள்ள D நெடுவரிசைக்கு `=COUNTBLANK(D2:D201)` என்று தட்டினால் குட்டு உடைந்துவிடும்.

அடுத்தது கொங்குத் தமிழ். `=COUNTIF(D2:D201,"இல்லை")` என்பது "இல்லைங்க" என்ற பதிலை எண்ணாது. `"இல்லை*"` என்று மாற்றினால், "இல்லைன்னு சொல்ல முடியாதுங்க" என்றவரும் அதிருப்திக் கணக்கில் விழுவார்! அந்த வரிசைகளை வடிகட்டி, ஆள்தான் படிக்க வேண்டும். 200 வரிசைக்கு அரைமணி நேரம்கூட ஆகாது.