படம் எடுத்தவருடையது, முகம் அதற்கு உரியவருடையது: மாடல் ரிலீஸ் படிவம் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

அடையாளம் தெரியும்படி எடுத்த ஒருவரின் படத்தை விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ கொடுக்கும் முன், அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியாக வேண்டும். அந்தச் சம்மதம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்; படம் எதற்குப் போகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 'எதற்கு வேண்டுமானாலும், எவ்வளவு காலம் வேண்டுமானாலும்' என்று ஒரே வரியில் எழுதி வாங்கும் படிவத்தை ஒளிப்படக் கலைஞர்களாகிய நாங்கள் ஏற்கவில்லை. எங்கள் உறுப்பினர்கள் அப்படி வாங்குவதை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மாடல் ரிலீஸ் என்பது பெரும்பாலும் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும் ஒப்புதல் தாள். படத்தில் இருப்பவரின் பெயர், முகவரி, படம் எடுத்த நாள், இடம், எடுத்தவர் பெயர், படம் எங்கெல்லாம் வரலாம், எத்தனை ஆண்டுகளுக்கு, அதற்குப் பணம் உண்டா இல்லையா, கையெழுத்து, சாட்சி ஆகியவை அதில் இருக்கும். காமிரா முன் நிற்பதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு மட்டுமானது அல்ல இது. பூக்கட்டும் அம்மாவும் ஆட்டோ ஓட்டுநரும் விளம்பரப் பலகைக்குப் போகிறார்கள் என்றால் அவர்களுக்கும் இதே தாள்தான். அது படம் எடுக்கத் தரும் அனுமதி அல்ல, எடுத்த படத்தைப் பயன்படுத்தத் தரும் அனுமதி. "போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு நின்றாரே, அதுவே சம்மதம்தானே?" என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. படத்தின் பதிப்புரிமை கையில் இருந்தால் முகத்தின் மீதும் உரிமை வந்துவிடும் என்று நம் தொழிலில் பலர் நினைக்கிறார்கள். அப்படி வராது. 2007இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஒருவர் தன் தேவாலயக் குழுவின் கார் கழுவும் நிகழ்ச்சியில் ஒரு பள்ளி மாணவியைப் படம் எடுத்து ஃப்ளிக்கர் தளத்தில் ஏற்றினார். எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை அதற்குத் தேர்ந்தெடுத்திருந்தார். விர்ஜின் மொபைல் நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளை அந்தப் படத்தை எடுத்து, 'உன் பேனா நண்பரைக் கைவிடு' என்ற பொருளில் ஒரு வாசகத்தைச் சேர்த்து, அடிலெய்டு நகரப் பேருந்து நிறுத்தத்தில் விளம்பரமாக வைத்தது. உரிமம் இருந்தது. ஆனால் அது படம் எடுத்தவர் தன் பங்குக்குக் கொடுத்த உரிமம். கேலிக்கு ஆளான அந்தச் சிறுமியையோ பெற்றோரையோ யாரும் கேட்கவில்லை. குடும்பம் வழக்குத் தொடுத்தது. ஆஸ்திரேலிய நிறுவனத்தை விசாரிக்கும் அதிகார வரம்பு தனக்கு இல்லை என்று டெக்சஸ் நீதிமன்றம் 2009இல் வழக்கைத் தள்ளிவிட்டது. செய்தது சரியா தவறா என்ற கேள்விக்கே போகவில்லை. ஒரு முகம் எல்லை தாண்டிப் போய்விட்டால் அதற்கு உரியவர் நியாயம் கேட்பது எவ்வளவு கடினம் என்பதை இது காட்டுகிறது. அதனால்தான் படம் கைமாறும் முன்பே கையெழுத்து வேண்டும் என்கிறோம்.

நம் நாட்டுச் சட்டத்தில் ஸ்டுடியோக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்க வைத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். ஆக, கல்யாணப் பெண்ணின் படத்தைக் கடை முகப்பில் மாட்டும் ஸ்டுடியோவுக்குப் பெரும்பாலும் முகமும் சொந்தமில்லை, படமும் சொந்தமில்லை.

ஒரே படம் இடம் மாறும்போது என்ன ஆகிறது என்று பார்ப்போம். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரை எங்கள் உறுப்பினர் ஒருவர் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். உப்பின் வெண்மையில் கண் கூசி, இமையைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். உப்பளக் கூலி பற்றிய கட்டுரையோடு ஒரு பத்திரிகை அதை வெளியிடலாம்; அது செய்தி. அதே படத்தை ஓர் உப்பு நிறுவனம் பாக்கெட்டில் அச்சிட்டால், அந்தச் சரக்குக்கு அவர் நற்சான்று கொடுத்ததாக ஆகிறது. அவர் கூலி வாங்குவது வேறொரு முதலாளியிடமாக இருந்தால் வேலைக்கே ஆபத்து. அடுத்து ஒரு கண் மருத்துவமனை அதை வாங்கி, கண்புரை சிகிச்சை விளம்பரத்தில் போடுகிறது. மறுநாளே ஊரில் "கண்ணுக்கு என்னக்கா ஆச்சு?" என்று கேட்கத் தொடங்குவார்கள். கடன் கொடுக்கும் நிறுவனம் போட்டாலோ, அவர் கடனில் தவிப்பவர் ஆகிவிடுவார். ஒவ்வொரு முறையும் அவரைப் பற்றி ஒரு புதுப் பொய் ஊருக்குள் போகிறது. மொத்தமாக எல்லாவற்றுக்கும் ஒரே கையெழுத்து வாங்கும் படிவத்தை நாங்கள் மறுப்பது இதனால்தான். நோய், கடன், மது, மதம், அரசியல், பாலியல் தொடர்பான பயன்பாடு ஒவ்வொன்றுக்கும் தனி வரி, தனிக் கையெழுத்து வேண்டும். கையெழுத்து இல்லாத வரிக்குச் சம்மதம் இல்லை.

செய்திக்கும் இதையே கேட்கிறீர்களா என்று பத்திரிகை நண்பர்கள் கவலைப்படுகிறார்கள். கேட்கவில்லை. ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இல் இரண்டையும் தெளிவுபடுத்தியது. ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது என்றது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடச் சம்மதம் தேவையில்லை என்றும் சொன்னது. போராட்டத்தையும் வெள்ளத்தையும் படம் எடுப்பவரிடம் படிவம் கேட்பது, அதிகாரத்தில் இருப்பவர்களுக்குத் தணிக்கையைக் கையில் கொடுப்பதாகிவிடும். அதை எதிர்ப்போம். அதே செய்திப் படம் பின்னால் விளம்பரத்துக்கு விற்கப்பட்டால், அப்போது படிவம் வேண்டும். ஸ்டாக் போட்டோ நிறுவனங்களும் படிவம் இல்லாத முகப் படத்தைச் செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுகின்றன. கண்காட்சியில் வைத்துப் பிரதியை விலைக்கு விற்பது செய்திக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் நிற்கிறது. அதற்கும் கையெழுத்து வாங்குவதையே எங்கள் உறுப்பினர்களிடம் எதிர்பார்க்கிறோம்.

வாங்கும் விதம் முக்கியம். எடுத்த அன்றே, அந்த இடத்திலேயே, காமிராத் திரையில் படத்தைக் காட்டிவிட்டு வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்து விளம்பர நிறுவனம் படிவம் கேட்கும்போது, உப்பளத்தில் பார்த்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் வந்த 'சரி' எந்தப் படத்துக்கு, எந்தப் பயன்பாட்டுக்கு என்று பின்னால் நிரூபிக்க வழியில்லை. படிவத்தின் மூலையில் படத்தின் சிறு பிரதி ஒன்று ஒட்டப்பட்டிருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டி, அவர் பக்கத்து ஆள் ஒருவரைச் சாட்சியாக வைத்துக் கைரேகை வாங்குங்கள். நம் உதவியாளரைச் சாட்சியாக வைக்கக் கூடாது. பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்ட நிபந்தனையை நாங்கள் சம்மதமாகக் கருதுவதில்லை. படிவத்தின் ஒரு பிரதி கையெழுத்திட்டவரிடமே இருக்க வேண்டும், நம் தொலைபேசி எண்ணோடு.

பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் நம் நாட்டில் ஒப்பந்தம் செய்ய முடியாது என்பதால் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். பள்ளித் தலைமையாசிரியரின் அனுமதி, வளாகத்துக்குள் போய்ப் படம் எடுக்க மட்டுமே போதும். பெற்றோர் சம்மதித்தாலும் பிள்ளை வேண்டாம் என்றால் எடுக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதானதும், படம் இன்னும் புழக்கத்தில் இருந்தால், அவரிடமே மறுபடி கேட்க வேண்டும்.

சம்மதத்தைத் திரும்பப் பெறுவது பற்றி எங்களுக்குள்ளேயே நீண்ட விவாதம் நடந்தது. அச்சாகி வெளியேறிய புத்தகத்தைத் திரும்ப அழைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வெளியாகும் முன் ஒருவர் மனம் மாறினால் படத்தை விட்டுவிட வேண்டும். பணம் கொடுத்திருந்தால் அதைத் திரும்பக் கேட்கலாம். வெளியான பின் மனம் மாறினால், முன்பே விற்ற உரிமம் அதன் காலம் முடியும் வரை ஓடும். புதிதாக யாருக்கும் அந்தப் படத்தைக் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டு விதிகளையும் உறுப்பினர்கள் தங்கள் படிவத்தில், கையெழுத்துக்கு மேலேயே, பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.