மலிவு என்று சொல்லாதீர்கள்

மாதம் ஆயிரம் ரூபாய்க்கு வயலின் கற்றுத்தர ஆள் இருக்கும்போது இரண்டாயிரம் கொடுப்பவர்கள் ஏமாளிகள் என்று எழுதியிருக்கிறார் ஒருவர். இரண்டு வகுப்புகளின் மாதக் கட்டணத்தை மட்டும் அருகருகே வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல அவருக்கு என்ன துணிச்சல்? வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்றுகூட அவர் கேட்கவில்லை.

அந்த ஆயிரம் ரூபாய் வகுப்பில் என் மகள் ஏழு வயதில் படித்தாள். 12 பிள்ளைகள், 45 நிமிடம், மாதத்துக்கு எட்டு நாள். சின்னப் பிள்ளைகளுக்குத் தாங்களே சுருதி சேர்க்க வராது. பிருடை வேறு நழுவும். ஆசிரியர் ஒவ்வொரு வயலினாக வாங்கி, காதருகே வைத்து, திருகித் திருகிச் சேர்த்துக் கொடுப்பார். பிள்ளைக்கு இரண்டு நிமிடம் என்றாலே 24 நிமிடம் போய்விடும். மிச்சமிருக்கும் 21 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம்கூடத் தேறாது. மாதம் முழுக்கக் கூட்டினால் 14 நிமிடம். அதே நேரம், அதே நாள் கணக்கில் நான்கு பேர் படிக்கும் இரண்டாயிரம் ரூபாய் வகுப்பில், சுருதி சேர்க்க எட்டு நிமிடம் போனாலும், ஒரு பிள்ளைக்கு மாதம் 74 நிமிடம் கிடைக்கிறது. நிமிடத்துக்கு அங்கே 71 ரூபாய், இங்கே 27. எது மலிவு?

எல்லோரும் சேர்ந்து வாசிப்பதும் பாடம்தானே என்கிறார். வாய்ப்பாட்டில் சரளி வரிசையைச் சேர்ந்து பாடலாம், பரதத்தில் அடவைச் சேர்ந்து ஆடலாம். அங்கே கூட்டம் அவ்வளவு கெடுதல் செய்யாது. வயலினில் விரல் ஒரு நூலளவு தள்ளினாலும் ஸ்வரம் பிசகும். பன்னிரண்டு பேர் ஒன்றாக வாசிக்கையில் யார் விரல் பிசகியது என்று ஆசிரியருக்கே கேட்காது. என் மகள் ஆறு மாதம் காந்தாரத்தைத் தாழ்த்தியே வாசித்தாள். ஒருவரும் திருத்தவில்லை.

இசைத் தேர்வுக் கட்டணம் வருடத்துக்கு ஒருமுறைதான், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பது இன்னும் மோசம். எங்களுக்குத் தேர்வுக் கட்டணம், பாடப்புத்தகம், தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதத் தனி வகுப்பு எல்லாம் சேர்ந்து 6,000 ரூபாய் ஆயிற்று. மாதத்துக்கு 500. அந்த இரண்டு மாதமும் தேர்வு உருப்படிகளைத் தவிர வேறு எதுவும் சொல்லித்தரவில்லை.

வாத்தியத்தைப் பற்றி அவர் ஒரு வரியும் எழுதவில்லை. வளர்ந்த பிறகும் உதவும் என்று சொல்லி எங்கள் தலையில் முழு அளவு வயலினைக் கட்டினார்கள். தோளில் வைத்து இடது கையை நீட்டினால் வயலினின் சுருள் தலையை உள்ளங்கை வளைத்துப் பிடிக்க வேண்டும். என் மகளுக்கு விரல் நுனிகூட எட்டவில்லை, தோள் வலித்தது. ஒரு மாதத்தில் அரை அளவு வாங்கினோம். அந்தப் பணத்தையும் சேர்த்து எழுதட்டும், பிறகு யார் ஏமாளி என்று பேசலாம்.